காலால் உந்தினால் மட்டும் ஓடிய ஸ்கூட்டர்: மூன்று மெல்லிய வயர்களின் கதை

வவுணதீவுப் பக்கமிருந்து வலையிறவுப் பாலத்தால் மட்டக்களப்பு டவுனுக்குத் தயிர்ச் சட்டி கொண்டுவரும் அண்ணன் ஒருவர் தன்னுடைய மின்சார ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் வாங்கியது. பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டர், 1000 வாட், 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரி ஐந்தை வரிசையாக இணைத்து 60 வோல்ட்.

அவர் சொன்ன கதை இரண்டு பாகம். மழைக்காலத்தில் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீருக்குள்ளால் இரண்டு மூன்று தடவை ஓட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு, நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போது சில நேரம் சக்கரம் 'ம்ம்ம்' என்று நடுங்கிக்கொண்டு நிற்கும். "காலால ஒரு உந்து உந்தினா பிறகு ஓடும் தம்பி, ஆனா உறுமிக்கொண்டுதான் ஓடும்." சில நேரம் உந்தாமலே போகும். இது முதல் பாகம். பிறகு ஒரு கராஜில் கொடுத்திருக்கிறார், அங்கே கொன்ட்ரோலர் போய்விட்டது என்று புதிதாக ஒன்று போட்டு, நிறத்துக்கு நிறம் வயரைப் பூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதோடு உந்தினாலும் ஓடாது, உதறும், ஒரு தடவை பின்னுக்கே இழுத்து அண்ணனின் காலில் ஏறப் பார்த்ததாம். இது இரண்டாம் பாகம்.

முதல் பாகத்திலேயே வருத்தம் என்ன என்பது பாதி தெரிந்துவிட்டது. "சில நேரம் போகும், சில நேரம் போகாது, உந்தினால் போகும்" என்று ஒரு பிரஷ் இல்லாத மோட்டரைப் பற்றி யாராவது சொன்னால் நான் முதலில் கொன்ட்ரோலரைப் பார்ப்பதில்லை. சக்கரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து வரும் கோளாறு அது. அப்படியென்றால் இடத்தைச் சொல்லும் பகுதியில்தான் பிழை இருக்க வேண்டும்.

எப்படி என்று சொல்கிறேன். பழைய பிரஷ் மோட்டரில் கரித்துண்டும் செப்புத் தகடும் உரசிக்கொண்டே எந்தக் கொயிலுக்குக் கரண்ட் போக வேண்டும் என்பதைத் தாமாக மாற்றிவிடும். இந்தச் சக்கர மோட்டரில் அது இல்லை. அச்சோடு அசையாமல் நிற்பது கொயில், சுற்றுவது வெளி வளையத்தில் ஒட்டிய காந்தங்கள். கொயிலிலிருந்து மூன்று தடித்த வயர் வெளியே வருகிறது, மஞ்சள், பச்சை, நீலம். கொன்ட்ரோலர் எந்த நேரமும் இந்த மூன்றில் ஒன்றை பற்றரியின் பிளஸ் பக்கமும் இன்னொன்றை மைனஸ் பக்கமும் இணைத்து, மூன்றாவதைச் சும்மா விட்டுவிடும். அப்படி இணைக்க ஆறு விதம் உண்டு. அந்த ஆறையும் சரியான ஒழுங்கில், சரியான நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினால் கொயிலின் காந்தப் புலம் சுற்றும், காந்த வளையம் அதைத் துரத்திக்கொண்டு ஓடும்.

'சரியான நேரம்' என்பதில்தான் விஷயம். சைக்கிள் பெடலை நினைத்துப் பாருங்கள். பெடல் முன்னுக்கு மட்டமாக நிற்கும்போது மிதித்தால் முழு உந்தும் கிடைக்கும். பெடல் நேர் உச்சியில் நிற்கும்போது எவ்வளவு பாரம் போட்டாலும் சக்கரம் சுற்றாது, கால்தான் நோகும். மோட்டரிலும் கொயிலின் புலம் காந்தத்துக்கு 90 பாகை முன்னால் இருந்தால் முழு இழுப்பு. 0 பாகையிலோ 180 பாகையிலோ இருந்தால் இழுப்பு ஒன்றும் இல்லை, கரண்ட் மட்டும் சூடாகப் போய்விடும். ஆறு படிகள் என்பதால் ஒவ்வொரு படியும் 60 பாகைக்கு நீடிக்கும், அதற்குள் கோணம் 120 இலிருந்து 60 வரை இறங்கும், உடனே அடுத்த படிக்கு மாறி மறுபடி 120 இலிருந்து தொடங்கும். கொன்ட்ரோலர் 90 ஐச் சுற்றியே நிற்கப் பார்க்கிறது. காந்தம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இதைச் செய்யவே முடியாது.

அதைச் சொல்லத்தான் மூன்று ஹோல் சென்சர். டிரான்சிஸ்டர் மாதிரி மூன்று கால் உள்ள சின்னக் கறுப்புத் துண்டு, கொயில் இரும்பின் பல்லில் வெட்டிய பள்ளத்துக்குள் பசை போட்டு ஒட்டியிருக்கும். முன்னால் காந்தத்தின் தென் துருவம் வந்தால் வெளிவயரைத் தரையோடு இணைக்கும், வட துருவம் வந்தால் விட்டுவிடும். விட்டுவிடும் என்பதைக் கவனியுங்கள், சென்சர் தானாக 5 வோல்ட் தருவதில்லை. கொன்ட்ரோலருக்குள் இருக்கும் ஒரு தடையிதான் வயரை 5 வோல்ட்டுக்கு மேலே இழுத்து வைத்திருக்கிறது. ஆகவே வயர் அறுந்தாலோ சென்சர் செத்தாலோ அந்த 5 வோல்ட் அப்படியே நிற்கும். 5 வோல்ட்டை 1 என்றும் தரையை 0 என்றும் எழுதினால், கொன்ட்ரோலரின் கண்ணுக்கு அது எப்போதும் 1 ஆகவே தெரியும். பின்னால் இது உதவும்.

மோட்டரிலிருந்து தடித்த மூன்றோடு ஐந்து மெல்லிய வயரும் வருகிறது: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு தரை, மற்ற மூன்றும் மறுபடி மஞ்சள், பச்சை, நீலம். ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கி, பற்றரியைக் கழற்றிவிட்டு, இந்த ஐந்தையும் கொன்ட்ரோலரிலிருந்து பிரித்தேன். பழைய போன் சார்ஜர் ஒன்றின் வயரை வெட்டிச் சிவப்புக்கும் கறுப்புக்கும் 5 வோல்ட் கொடுத்தேன். சவர்க்காரப் பெட்டி மூடியொன்றில் நான் எப்போதோ செய்து வைத்த மூன்று எல்இடி இருக்கிறது, ஒவ்வொன்றும் 1 கிலோ ஓம் தடையியோடு 5 வோல்ட்டிலிருந்து ஒவ்வொரு சென்சர் வயருக்கும் போகும். சென்சர் தரையோடு இணைத்தால் எல்இடி எரியும், அதாவது எரிந்தால் 0, அணைந்தால் 1. மல்டிமீற்றரை மட்டும் வைத்துக்கொண்டு தடையி இல்லாமல் இந்த வயர்களை அளந்து, ஒன்றும் வரவில்லை, மூன்று சென்சரும் போய்விட்டது என்று நல்ல மோட்டரைக் கழற்றிய ஆட்கள் உண்டு. அந்த ஆட்களில் நானும் ஒருவன், அதனால்தான் இந்தப் பெட்டி.

நல்ல மோட்டரில் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் மூன்று விளக்கும் இந்த ஒழுங்கில் மாறும், மஞ்சள், பச்சை, நீலம் என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன்:

```
101 → 100 → 110 → 010 → 011 → 001 → 101
```

ஒரு தடவைக்கு ஒரு விளக்குதான் மாற வேண்டும், இரண்டு சேர்ந்து மாறக் கூடாது. 000, 111 இரண்டும் வரவே கூடாது. இந்த இரண்டு விதியை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

அண்ணனின் மோட்டரில் பச்சையும் நீலமும் மாறிக்கொண்டிருந்தன. மஞ்சள் எரியவே இல்லை. சக்கரத்தை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி எண்ணினேன், பச்சை 23 தடவை எரிந்து அணைந்தது. அப்படியென்றால் வளையத்தில் 46 காந்தம், 23 சோடி. சக்கரம் ஒரு தடவை சுற்றுவதற்குள் அந்த ஆறு படி 23 தடவை, மொத்தம் 138 மாற்றம், ஒரு படிக்குச் சக்கரம் அசைவது 2.6 பாகைதான். முன்னே ஒரு படிக்கு 60 பாகை என்றது, ஒரு காந்தச் சோடியைக் கடப்பதை முழு 360 பாகையாக வைத்த கணக்கு. மஞ்சள் அந்த 23 தடவையில் ஒரு தடவைகூட இல்லை.

இப்போது முதல் பாகத்தின் புதிர் அப்படியே அவிழ்கிறது. மஞ்சள் எப்போதும் 1 என்றால் கொன்ட்ரோலர் படிப்பது இப்படி இருக்கும்:

```
உண்மை நிலை:  101  100  110  010  011  001
படிப்பது:     101  100  110  110  111  101
```

முதல் மூன்று நிலையும் சரி. நான்காவதில் உண்மை 010, ஆனால் 110 என்றே தெரிவதால் கொன்ட்ரோலர் முன்னைய படியிலேயே நிற்கிறது, காந்தம் போய்க்கொண்டிருக்கிறது, கோணம் 60 இலிருந்து 0 வரைக்கும் விழுந்து இழுப்பு மெல்லமெல்ல இல்லாமல் போகிறது. ஐந்தாவதில் 111, அப்படி ஒரு நிலை இல்லையே என்று கொன்ட்ரோலர் தடித்த வயர்களுக்குக் கரண்டைத் திறந்து மூடும் மொஸ்பெட் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது. ஆறாவதில் உண்மை 001, படிப்பது 101, அதாவது ஒரு படி முந்திக்கொண்டு போகிறது, கோணம் 180 இல் தொடங்குவதால் முதலில் இழுப்பே இல்லை, பிறகுதான் கொஞ்சம் வரும். ஆக பாதி வட்டம் நல்லது, மற்றப் பாதியின் நடுவில் ஒரு செத்த இடம், அதன் இரண்டு பக்கமும் தேய்ந்த இடம். சக்கரம் நல்ல பாதியில் நின்றால் அண்ணன் கையை முறுக்கியதும் போகும், செத்த இடத்தில் நின்றால் போகாது. காலால் உந்தினால் அந்த இரண்டு மூன்று பாகையைக் கடந்துவிடும், அதன்பிறகு வண்டியின் வேகமே அடுத்த செத்த இடங்களைத் தாண்டவைக்கும். இழுப்பு ஒரு சுற்றுக்கு 23 தடவை அறுந்து அறுந்து வருவதுதான் உறுமல். ஸ்கூட்டர் சொன்னதை அண்ணன் வரிக்கு வரி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், கேட்டவர்தான் கொன்ட்ரோலரை மாற்றியிருக்கிறார்.

சென்சரே இல்லாமல் ஓடும் கொன்ட்ரோலர் இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்று அண்ணனின் மகன் கேட்டான். நல்ல கேள்விதான். அவை சும்மா விட்ட மூன்றாவது வயரில், சுற்றும் காந்தத்தால் தானாக உண்டாகும் வோல்ட்டைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கும். ட்ரோன் விசிறிக்கெல்லாம் அதுதான். ஆனால் அந்த வோல்ட் வேகத்தோடு கூடிக் குறைவது, நின்றால் பூச்சியம். விசிறியைக் கண்ணை மூடிக்கொண்டு நாலு சுற்றுச் சுற்றவிட்டுப் பிறகு பார்க்கலாம், ஆளும் தயிர்ச் சட்டியும் ஏற்றிய வண்டி பாலத்து ஏற்றத்தில் நின்று கிளம்ப வேண்டுமென்றால் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு தொடங்க முடியாது, உதறும். அவனுக்கு முழுத் திருப்தி இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

சரி, மஞ்சளில் அறுந்தது வயரா, செத்தது சென்சரா? மல்டிமீற்றரை டயோட் நிலையில் வைத்து, 5 வோல்ட்டைக் கழற்றிவிட்டு, சிவப்பு முனையைக் கறுப்பு வயரிலும் கறுப்பு முனையைச் சென்சர் வயரிலும் வைத்தேன். பச்சையும் நீலமும் 0.6 வோல்ட் அளவில் ஒரே மாதிரிக் காட்டின, மஞ்சள் திறந்த சுற்று. எரிந்த சென்சராக இருந்தால் பெரும்பாலும் ஷோர்ட் ஆகியோ கோணலான எண்ணோ காட்டும், இது எங்கோ துண்டாக அறுந்தது மாதிரி. அச்சிலிருந்து வயர் வெளியே வரும் இடம்தான் என் முதல் சந்தேகம், அச்சு நட்டு இளகி அச்சு கொஞ்சம் சுழன்றால் அந்த இடத்தில் வயரை வெட்டிவிடும், தடித்த வயரும் மெல்லியதும் உரசினால் 60 வோல்ட் சென்சருக்குள் போய் மூன்றையும் சேர்த்து எரித்துவிடும். ஆனால் நட்டும் வாஷரும் இறுக்கமாக இருந்தன, உறையும் நன்றாக இருந்தது. ஆக உள்ளேதான்.

மூடியின் ஆணிகளைக் கழற்றிக் கொயில் பகுதியை வெளியே எடுப்பதில் சொல்ல அதிகமில்லை, ஒன்றைத் தவிர: காந்தங்கள் இரும்பை விடாது, விட்டால் திடீரென்று மறுபடி இழுத்துக்கொள்ளும், இடையில் விரல் இருக்கக் கூடாது. உள்ளே துருத் தண்ணீர் காய்ந்து செம்மண் பூசியது மாதிரி ஒரு கோடு, மோட்டரின் கீழ்ப் பாதி அளவுக்கு. மஞ்சள் சென்சரின் வெளிக்காலில் பச்சைக் களிம்பு பூத்து, ஈயம் வைத்த இடத்துக்குக் கீழே கால் முற்றாக அரித்துப்போயிருந்தது. வயரைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

இங்கே ஒரு சறுக்கல். டவுனில் ஒரு கடையில் ஹோல் சென்சர் என்று கேட்டதும் தந்தது 3144. பார்க்க ஒரே மாதிரி, கால்களும் அதே ஒழுங்கு, வேலை வேறு. அது தென் துருவம் வந்தால் பிடிக்கும், தென் துருவம் விலகத் தொடங்கியதுமே விட்டுவிடும், வட துருவம் வரும்வரை காத்திருக்காது. கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க அது போதும். மோட்டருக்குத் தென்னில் பிடித்து வட துருவம் வரும்வரை விடாத வகை வேண்டும், அப்போதுதான் 0 உம் 1 உம் சரிபாதியாக வரும். 3144 ஐப் போட்டால் 0 பாதியை விடக் குறைவாக வந்து, படி மாறும் நேரம் ஒரு பக்கத்துக்குப் பிசகும், மோட்டர் ஓடும், ஆனால் கரகரப்போடு. மற்ற இரண்டு சென்சரின் முகத்திலும் 41F என்று இருந்தது. அதையே கொழும்பிலிருந்து பஸ் பார்சலில் எடுப்பித்தேன், மூன்று நாள் போயிற்று. மூன்றையும் மாற்றினேன், மற்ற இரண்டின் கால்களும் களிம்பு பிடிக்கத் தொடங்கியிருந்தன.

ஒட்டும்போது எழுத்துள்ள முகம் மூன்றிலும் பழையபடி ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று திரும்பிவிட்டால் அதற்குத் தென் வடக்காகவும் வடக்குத் தென்னாகவும் தெரியும், 000, 111 எல்லாம் வரத் தொடங்கும். பசை காய ஓர் இரவு விட்டு, மூடி பூட்ட முன்னரே எல்இடிப் பெட்டியைக் கொழுவிக் காந்த வளையத்துக்குள் வைத்துப் பார்த்துவிட்டேன், ஆறு நிலையும் ஒவ்வொன்றாக ஒழுங்காக வந்தன.

இன்னொரு சோதனையும் செய்தேன், தேவையோ இல்லையோ எனக்குப் பிடித்தது. 12 வோல்ட் பற்றரி ஒன்றை 55 வாட் ஹெட்லைற் பல்ப் வழியாகத் தடித்த மஞ்சளுக்குப் பிளஸ், பச்சையையும் நீலத்தையும் சேர்த்து மைனஸ் என்று ஒரு கணம் கொடுத்தால், சக்கரம் 'டக்' என்று ஓர் இடத்துக்குப் போய் உட்காரும். அந்த இடத்தில் மூன்று விளக்கின் நிலையைக் குறித்துக்கொள்வது. பிறகு பிளஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் அடுத்த பக்கம் போய் உட்காரும், அப்போது விளக்கு நிலை மூன்றும் நேர் எதிராக மாறியிருக்க வேண்டும், 100 என்றால் 011. மூன்று வயருக்கும் இப்படிச் செய்தால் ஆறு நிலையும் வந்துவிடும், சென்சர் சரியான பள்ளத்தில் இருக்கிறதா என்று சுற்றாமலே தெரியும். ஏன் இரண்டு வயரைச் சேர்க்க வேண்டும், மஞ்சளுக்கும் பச்சைக்கும் மட்டும் கொடுத்தால் என்ன? அப்படிக் கொடுத்தால் சக்கரம் உட்காரும் இடம் சரியாக ஒரு சென்சர் மாறும் விளிம்பிலேயே விழும், விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும், 0 ஆ 1 ஆ என்று தெரியாது. இரண்டைச் சேர்த்தால் 30 பாகை தள்ளி நிலையின் நடுவில் உட்காரும். முதல் தடவை இந்த மினுக்கத்தைப் பார்த்துச் சென்சர் பழுது என்று ஒரு முழுப் பின்னேரத்தை வீணாக்கியிருக்கிறேன்.

இனி இரண்டாம் பாகம். புதிய கொன்ட்ரோலருக்குக் கராஜில் பூட்டியது மாதிரியே நிறத்துக்கு நிறம் எல்லாவற்றையும் பூட்டி, சக்கரம் அந்தரத்தில் இருக்க, பற்றரி வயரில் கிளாம்ப் மீற்றரை மாட்டி, எக்ஸிலேற்றரை மயிரளவு முறுக்கினேன். சக்கரம் பின்னுக்கு ஓடியது. கரடுமுரடான சத்தம், சும்மா சுற்றுவதற்கே 6 அம்பியர். உடனே விட்டுவிட்டேன்.

நிறம் என்பது ஒரு தொழிற்சாலைக்குள் மட்டும் உண்மை. மோட்டர் செய்தவரின் மஞ்சளும் கொன்ட்ரோலர் செய்தவரின் மஞ்சளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சில கொன்ட்ரோலர்களில் இரண்டு மெல்லிய வெள்ளை வயர் இருக்கும், அவற்றைச் சேர்த்தால் கொன்ட்ரோலரே சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து ஒழுங்கைப் படித்துக்கொள்ளும். இதில் அது இல்லை. இருந்திருந்தாலும் மஞ்சள் செத்திருந்த நேரத்தில் அதனால் படித்திருக்க முடியாது.

சென்சர் மூன்றையும் ஆறு விதமாகப் பூட்டலாம், தடித்த மூன்றையும் ஆறு விதமாகப் பூட்டலாம், ஆகவே மொத்தம் 36 விதம். அதைக் கேட்டதும் பலர் பயந்துபோய் ஒவ்வொன்றாக முயற்சி செய்யத் தொடங்குவார்கள். தேவையில்லை. சென்சர் வயர்களைத் தொடாமல் விட்டால் ஆறு விதம்தான், அந்த ஆறில் சரியானது ஒன்றே ஒன்று. மீதி ஐந்தும் இரண்டு சாதியாகப் பிரியும், சத்தத்திலேயே எது எது என்று தெரியும்.

எந்த இரண்டு தடித்த வயராவது தமக்குள் இடம் மாறியிருந்தால், கொயிலின் புலம் காந்தத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும். கொன்ட்ரோலர் காந்தத்தைப் பார்த்து ஒரு படி முன்னால் வைக்கிறேன் என்று நினைத்து ஒரு படி பின்னால் வைக்கும், காந்தம் அங்கே இழுபடும், சென்சர் மாறும், மறுபடி இந்தப் பக்கம் இழுக்கும். சக்கரம் ஒரு 'டக்' அடித்துப் பூட்டிக்கொள்ளும் அல்லது முன்னும் பின்னும் உதறும். மூன்று விதம் இப்படி.

மூன்றும் ஒரு வட்டமாக ஓர் இடம் தள்ளிப் பூட்டப்பட்டிருந்தால் கதை வேறு. அப்போது புலம் சரியான திசையில்தான் சுற்றும், ஆனால் 120 பாகை தள்ளி நிற்கும். 90 பாகை முன்னால் நிற்க வேண்டியது 210 இலோ, 30 பாகை பின்னாலோ நிற்கும், இரண்டும் காந்தத்தைப் பின்னுக்குத்தான் இழுக்கும், அதுவும் அரை இழுப்பில். பெடல் உச்சிக்குக் கிட்டே நிற்கும்போது மிதிக்கிற மாதிரி, பாரம் நிறைய, பலன் கொஞ்சம். அதனால்தான் பின்னோட்டம், கரடுமுரடு, 6 அம்பியர். இரண்டு விதம் இப்படி.

ஆகவே அண்ணனின் ஸ்கூட்டர் பின்னுக்கு ஓடியதே பதிலைச் சொல்லிவிட்டது. இரண்டு வயரை இடம் மாற்றுவதில் பிரயோசனம் இல்லை, மூன்றையும் ஓர் இடம் சுற்றி நகர்த்த வேண்டும், அதற்கு இரண்டே வழி. மோட்டரின் மஞ்சளைக் கொன்ட்ரோலரின் பச்சைக்கும், பச்சையை நீலத்துக்கும், நீலத்தை மஞ்சளுக்கும் போட்டேன். மறுபடி பின்னுக்கு, மறுபடி 6 அம்பியர் அளவு, சத்தம் மட்டும் கொஞ்சம் வேறு. இன்னும் ஓர் இடம் நகர்த்தினேன். சக்கரம் சத்தமில்லாமல் முன்னுக்குச் சுற்றியது. முழு வேகத்தில் 1.2 அம்பியர்.

இந்த அம்பியர் எண்ணைப் பார்க்காமல் யாரும் வண்டியைக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. சில நேரம் சென்சரையும் மாற்றி மாற்றிப் பூட்டிக் கடைசியில் முன்னுக்கு ஓடுகிறது, சரி என்று விட்டுவிடுவார்கள். முன்னுக்கு ஓடும் அரை இழுப்பு விதங்களும் அந்த 36 இல் இருக்கின்றன. சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஓடும், ஆள் ஏறினால் மொஸ்பெட் வெடிக்கும் அல்லது கொயில் எரியும். அதேபோல, சத்தமில்லாமல், குறைந்த கரண்டில், ஆனால் பின்னுக்கு ஓடினால் பயப்பட வேண்டாம், அது முழுக்கச் சரியான இணைப்பின் கண்ணாடி வடிவம். சென்சர் வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிவிட்டு, தடித்த வயருக்குப் புதிதாக ஆறையும் பார்க்க வேண்டும், அதில் ஒன்று சத்தமில்லாமல் முன்னுக்கு ஓடும்.

வயர்களை ஈயம் வைத்துச் சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். அச்சுக்குள் வயர் நுழையும் துளையைச் சிலிக்கன் வைத்து அடைத்து, வயர் அச்சிலிருந்து வெளியே வந்ததும் முதலில் கீழே ஒரு வளைவு போட்டுப் பிறகு மேலே போகும்படி கட்டினேன், வயர் வழியே வழியும் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், அச்சுக்குள் போகாது. முழங்கால் தண்ணீரில் இறக்கினால் இதுவும் உதவாது என்று அண்ணனிடம் சொன்னேன். "அப்ப மழைக்கு நான் என்ன தோணியிலயா வாற?" என்றார்.

ஸ்கூட்டரின் இருக்கைக்குக் கீழே பழைய கொன்ட்ரோலரும் ஒரு பையில் கிடந்தது, கராஜ்காரர் திருப்பிக் கொடுத்திருக்கிறார். எதற்கும் பார்ப்போம் என்று அதையும் பூட்டினேன், நிறத்துக்கு நிறம். சத்தமில்லாமல் முன்னுக்கு, 1.2 அம்பியர். அண்ணன் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் மீற்றரையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு புதியதைக் கழற்றிப் பையில் போட்டுத் தரச் சொன்னார்.